டாக்ஸி ஆப் பில்லில் 791 எப்படி 909 ஆனது: சர்ஜ், வெயிட்டிங், டோல், ஜிஎஸ்டி

கேள்வி: வெள்ளிக்கிழமை சாயங்காலம், மழை நேரம், மேற்குத் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஆப்பில் கார் புக் பண்ணினேன். அப்போது 791 ரூபாய் காட்டியது (26 கி.மீ., 55 நிமிடம், டோல் 75 உட்பட). இறங்கும்போது 909 வாங்கினார்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் இருப்பது: பேஸ் ஃபேர் 50, டிஸ்டன்ஸ் 28.4 கி.மீ. 369.20, டைம் 64 நிமிடம் 96, சர்ஜ் 206.08, வெயிட்டிங் 14, புக்கிங் ஃபீ 20, டோல் 110, டாக்ஸ் 43.26. மழையைச் சாக்காக வைத்து சர்ஜில் ஏமாற்றிவிட்டார்களா? 5 சதவீத வரி என்றால் 36 ரூபாய்தானே வர வேண்டும்?

பதில்: சர்ஜ், அதாவது தேவை கூடும் நேரத்தில் ஏற்றும் கட்டணம், உங்களுக்குக் கூடுதல் செலவு வைத்தது உண்மை. ஆனால் 791-க்கும் 909-க்கும் இடையிலான 118 ரூபாய்க்குக் காரணம் அது அல்ல. நீங்கள் புக் செய்த நொடியிலேயே அது 791-க்குள் இருந்தது. கேட்டுத் திரும்பப் பெற வாய்ப்புள்ள இடம் டோல். அதற்கு அடுத்தது வெயிட்டிங். வரித்தொகை கணக்குப்படி சரியாகவே போடப்பட்டிருக்கிறது. ஆனால் எதன் மேல் போட்டார்கள் என்பதைப் பார்த்தால் டோல் விஷயத்தில் உங்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் பலமாகும். ஒவ்வொன்றையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம். உங்கள் பில்லிலேயே எல்லா எண்களும் இருப்பதால் ஒரு கால்குலேட்டர் போதும்.

இந்தப் பில்லை மேலிருந்து கீழே கூட்டிக்கொண்டு போனால் மொத்தம் சரியாக வரும், ஆனால் ஒன்றும் புரியாது. பில்லின் எந்த எண் எதைப் பெருக்குகிறது என்று பார்க்க வேண்டும். பேஸ், தூரம், நேரம் மூன்றும் சேர்ந்ததுதான் பயணக் கட்டணம். சர்ஜ் அந்த மூன்றை மட்டும் பெருக்குகிறது. வெயிட்டிங்கும் புக்கிங் ஃபீயும் டோலும் சர்ஜுக்கு வெளியே நின்று கடைசியில் சேர்கின்றன. ஜிஎஸ்டி இவை எல்லாவற்றின் மேலும் உட்காருகிறது. உங்கள் பில்லை அந்த வரிசையில் எழுதினால் இப்படி வரும்:

```
(50 + 369.20 + 96) × 1.4     = 721.28
721.28 + 14 + 20 + 110       = 865.28
865.28 × 1.05                = 908.54
```

908.54-ஐ 909 ஆக்கியிருக்கிறார்கள். இதில் 1.4 என்ற எண் உங்கள் ஸ்க்ரீன்ஷாட்டில் இல்லை. பல ஆப்களில் இப்போது பெருக்கல் எண்ணைக் காட்டுவதில்லை, ரூபாயாக மட்டும் காட்டுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க சர்ஜ் தொகையை பேஸ், தூரம், நேரம் மூன்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 206.08-ஐ 515.20-ஆல் வகுத்தால் 0.4 துல்லியமாக வருகிறது. அதாவது வழக்கமான கட்டணத்துக்கு மேல் 40 சதவீதம். இப்படி 0.2, 0.4, 0.5 என்று சுத்தமான எண் வந்தால் எந்தத் தொகைகளை வைத்துப் பெருக்கினார்கள் என்பதை நாம் சரியாகப் பிடித்துவிட்டோம் என்று பொருள். பேஸை விட்டுவிட்டு தூரத்தையும் நேரத்தையும் மட்டும் எடுத்து வகுத்தால் 0.443 வருகிறது. அப்படி ஒரு எண்ணை யாரும் பெருக்கலாக வைக்க மாட்டார்கள். எப்படிக் கூட்டி வகுத்தாலும் சுத்தமான எண் வரவில்லை என்றால், பெருக்காமல் ‘இந்தப் பகுதியில் இப்போது 60 ரூபாய் கூடுதல்’ என்ற வகையில் ஒரே தொகையாகச் சேர்த்திருப்பார்கள். அந்த முறையும் புழக்கத்தில் இருக்கிறது.

இதே கணக்கை புக்கிங் திரைக்குப் போட்டுப் பாருங்கள். 26 கி.மீ.க்கு கிலோமீட்டருக்கு 13 வீதம் 338, 55 நிமிடத்துக்கு 1.50 வீதம் 82.50, பேஸ் 50. மூன்றும் சேர்ந்து 470.50. அதை 1.4-ஆல் பெருக்கினால் 658.70. புக்கிங் ஃபீ 20, டோல் 75 சேர்த்தால் 753.70. அதன் மேல் 5 சதவீதம் போட்டால் 791.38. உங்களுக்குக் காட்டிய 791 இதுதான். சர்ஜ் இல்லாமல் போட்டால் 594 ரூபாய்தான் வரும். ஆகவே வண்டி கிளம்பிய பிறகு சர்ஜை ஏற்றினார்கள் என்ற சந்தேகத்தை விட்டுவிடலாம். புக்கிங் கணக்கில் மழைக்கான விலை சுமார் 198 ரூபாய், அதற்கு ‘கன்ஃபர்ம்’ தட்டும்போதே சம்மதித்துவிட்டீர்கள். வழக்கமாக சர்ஜ் எண் அந்த நொடியில் பூட்டப்பட்டுவிடும். வழியில் மழை வலுத்தாலும் நின்றாலும் அது மாறக் கூடாது. பில்லில் கிடைக்கும் எண்ணும் புக்கிங்கில் கிடைக்கும் எண்ணும் வேறு வேறாக இருந்தால் அது தெளிவான புகார். உங்களுக்கு இரண்டும் 1.4 தான்.

1.4 அளவுக்கு மீறியதா என்றும் கேட்கலாம். மத்திய அரசு டாக்ஸி ஆப் நிறுவனங்களுக்காக 2020 நவம்பரில் வெளியிட்ட மோட்டார் வாகன அக்ரிகேட்டர் வழிகாட்டுதல்கள் அடிப்படைக் கட்டணத்தைப் போல 1.5 மடங்கு வரை வாங்கலாம் என்றன. 2025 ஜூலையில் வந்த புதிய வழிகாட்டுதல்கள் அந்த உச்சத்தை 2 மடங்கு ஆக்கின. இரண்டிலும் 1.4 உள்ளேதான் இருக்கிறது. ஆனால் அந்த ‘அடிப்படைக் கட்டணம்’ என்பது மாநில அரசு நிர்ணயிப்பது, ஆப் தன் திரையில் போட்டிருக்கும் பேஸ் ஃபேர் அல்ல. வழிகாட்டுதலும் மாநிலம் ஏற்று ஆணையிட்டால்தான் நடைமுறைக்கு வரும். கர்நாடகா 2024-இல் டாக்ஸிகளுக்கு ஒரே சீரான கட்டணம் நிர்ணயித்து, ஜிஎஸ்டியையும் டோலையும் மட்டும் தனியாக வாங்கலாம் என்றது. எனவே பெங்களூரு நண்பர் ஒருவர் ‘சர்ஜே சட்டவிரோதம்’ என்று சொன்னால் அது அவர் ஊருக்குப் பொருந்தும் பேச்சு. அதை வைத்துக்கொண்டு தாம்பரத்துப் பில்லுக்குச் சண்டை போட முடியாது.

இனி அந்த வித்தியாசம். பைசா வரை போட்டால் 117.16. அது நான்கு இடங்களிலிருந்து வந்திருக்கிறது. தூரம் 2.4 கி.மீ. கூடியதில் 45.86, நேரம் 9 நிமிடம் கூடியதில் 19.85, வெயிட்டிங்கில் 14.70, டோல் 75-லிருந்து 110 ஆனதில் 36.75. கூட்டினால் 117.16 சரியாக வரும். தூரத்துக்கு ஏன் 2.4-ஐ 13-ஆல் பெருக்கிய 31.20 இல்லாமல் 45.86 வந்தது என்றால், அந்தக் கூடுதல் தூரத்தின் மேலும் 1.4 ஏறுகிறது, அதன் மேல் 1.05 ஏறுகிறது. இரண்டையும் பெருக்கினால் 1.47. ஆக சர்ஜ் இருக்கும் பயணத்தில் உங்கள் பில்லின் 13 ரூபாய் கிலோமீட்டர் உண்மையில் 19.11 ரூபாய், 1.50 ரூபாய் நிமிடம் 2.20 ரூபாய். சர்ஜ் இந்த வித்தியாசத்தை உண்டாக்கவில்லை, ஆனால் வழியில் ஏற்பட்ட ஒவ்வொரு கூடுதலையும் பெரிதாக்கியிருக்கிறது. சர்ஜ் நேரத்தில் சுற்றுவழி அதிகம் வலிப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த நான்கில் முதலில் கை வைக்க வேண்டியது டோல். தாம்பரத்திலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில், அதாவது கிராண்ட் சதர்ன் டிரங்க் நெடுஞ்சாலையில், செங்கல்பட்டு போகும் கார் பரனூரில் ஒரே ஒரு சுங்கச்சாவடியைத்தான் கடக்கிறது. அங்கே காருக்கு ஒருவழிக் கட்டணம் 70, 75 ரூபாய் அளவில் இருந்து வருவது. ஆண்டுதோறும் திருத்துவார்கள் என்பதால் நீங்கள் போன தேதிக்கான தொகையை சாவடிப் பலகையிலோ நெடுஞ்சாலை ஆணையத்தின் ராஜ்மார்க்யாத்ரா ஆப்பிலோ பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். புக்கிங் திரையே 75 என்று காட்டியிருப்பதால் உங்களுக்கு அதுவே ஆதாரம். பில்லில் ஏறிய 110 எங்கிருந்து வந்தது? அதைக் கண்டுபிடிக்க டோல் தொகை மாறக்கூடிய வழிகளை எண்ணிப் பார்க்கலாம். ஃபாஸ்டேக் வேலை செய்யாத வண்டி பணமாகக் கட்டினால் இரண்டு மடங்கு, அதாவது 150. 2025 நவம்பர் 15 முதல் அதே வண்டி யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு, அதாவது 94-ஐ ஒட்டி. 110 இரண்டிலும் சேரவில்லை. 24 மணி நேரத்துக்குள் போய்த் திரும்புவதற்கான இருவழிக் கட்டணம் ஒருவழியைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 75-க்கு ஒன்றரை மடங்கு 112-ஐ ஒட்டி வரும், சாவடிக் கட்டணங்கள் ஐந்தின் மடங்காகத்தான் இருக்கும். ஆக 110 என்பது இருவழிக் கட்டணமாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். ஓட்டுநர் காலியாகத் திரும்பும்போது கட்டப்போகும் டோலையும் உங்கள் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

இப்படி எழுதலாமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. ஊருக்கு வெளியே போகும் பயணங்களில் திரும்பும் டோலையும் பயணியே தர வேண்டும் என்று சில சேவைகளின் விதியில் இருக்கும். ஓட்டுநரின் பக்கம் பார்த்தால் அது அநியாயமும் அல்ல, செங்கல்பட்டில் அவருக்குத் திரும்பும் சவாரி கிடைப்பது நிச்சயமில்லை. ஆனால் அப்படி வாங்குவதாக இருந்தால் அந்தத் தொகை புக்கிங் திரையிலேயே இருந்திருக்க வேண்டும். 75 என்று காட்டிச் சம்மதம் வாங்கிவிட்டு 110 போட்டதுதான் இங்கே கோளாறு. இன்னொன்றும் இருக்கிறது. ஃபாஸ்டேக்கில் போகும்போது ஒருவழித் தொகைதான் முதலில் கழியும். 24 மணி நேரத்துக்குள் அதே வண்டி திரும்பினால் அப்போது மீதி பாதி கழியும். நீங்கள் இறங்கிய நேரத்தில் அந்த வண்டியின் ஃபாஸ்டேக்கில் 110 கழிந்திருக்க வழியே இல்லை. புகாரில் இந்த ஒரு வாக்கியம் போதும்.

டோலில் வேறு இரண்டு கோளாறுகளும் அடிக்கடி வரும், அடுத்த முறைக்குத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். ஆப் டோலைப் பார்ப்பது ஃபாஸ்டேக் வழியாக அல்ல. வண்டியின் ஜிபிஎஸ் சாவடி இருக்கும் இடத்தைக் கடந்ததா என்று பார்த்துத் தொகையைச் சேர்க்கிறது. சாவடிக்கு முன்னாலேயே திரும்பினாலும், ஒட்டிப் போகும் சாலையில் போனாலும் சில சமயம் டோல் ஏறிவிடும். பயணத் தடத்தின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இது தெரியும். இரண்டாவது, சாவடியில் ஓட்டுநர் கையில் பணம் கேட்பது. கொடுத்தால் பில்லில் மறுபடியும் அதே தொகை நிற்கும். ‘பில்லில் வரும் அண்ணா, அதோட சேர்த்துக் கொடுத்துடறேன்’ என்று சொல்லிவிடுவது நல்லது. கொடுக்கத்தான் வேண்டியிருந்தால் யுபிஐயில் ‘பரனூர் டோல்’ என்று குறிப்பெழுதி அனுப்புங்கள், பிறகு காட்ட ஏதாவது இருக்கும். 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான வருடாந்தரப் பாஸ் சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும்தான். வாடகை வண்டிக்கு அது கிடையாது என்பதால் ‘பாஸ் இருக்கும்போது ஏன் டோல்’ என்று ஓட்டுநரிடம் கேட்பதில் பயனில்லை.

வெயிட்டிங் 14 ரூபாய். நிமிடத்துக்கு 2 ரூபாய் என்று வைத்தால் 7 நிமிடம். இலவச நேரம் ஆப்புக்கு ஆப், வண்டி வகைக்கு வகை மாறும். உங்கள் ஆப்பில் 3 நிமிடம் என்றால் ஓட்டுநர் வந்து 10 நிமிடம் கழித்து நீங்கள் ஏறினீர்கள் என்று பில் சொல்கிறது. இதைச் சரிபார்க்க இரண்டு நேரம் வேண்டும். ஒன்று ‘டிரைவர் வந்துவிட்டார்’ என்ற நோட்டிஃபிகேஷன் உங்கள் போனுக்கு வந்த நேரம், மற்றொன்று ஓடிபி சொல்லிப் பயணம் தொடங்கிய நேரம். இரண்டாவது பில்லிலேயே பிக்கப் நேரம் என்று இருக்கும். முதலாவது நோட்டிஃபிகேஷன் வரலாற்றில் இருக்கும், அழித்துவிட்டிருந்தால் ஓட்டுநர் ‘வந்துட்டேன்’ என்று கூப்பிட்ட அழைப்பின் நேரம் கிட்டத்தட்ட அதையே சொல்லும். இரண்டுக்கும் இடையில் 10 நிமிடம் இருந்தால் பில் சரி. 5 நிமிடம்தான் என்றால், 2 நிமிடத்துக்கு 4 ரூபாய்தான் வர வேண்டும்.

இதில் ஏமாற்றுவதைவிட இடக்குழப்பமே அதிகம். வண்டி நீங்கள் குத்தியிருக்கும் புள்ளிக்கு ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்ததும் வெயிட்டிங் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். நடுவில் தடுப்புச்சுவர் உள்ள ஜிஎஸ்டி ரோட்டில் புள்ளி ரோட்டோரமாக இருந்தால், எதிர்ப்பக்கத்தில் வரும் வண்டியைக்கூட ‘வந்துவிட்டது’ என்று ஆப் எடுத்துக்கொள்ளும். பிறகு அது முன்னால் போய் யூ-டர்ன் அடித்து உங்கள் பக்கம் வரும் நிமிடங்கள் எல்லாம் உங்கள் தலையில் விழும். அப்படி நடந்ததா என்பதை ஸ்க்ரீன்ஷாட்டால் சொல்ல முடியாது, உங்கள் ஞாபகமும் அழைப்பு நேரமும்தான் சொல்ல வேண்டும். வெயிட்டிங்கையும் டைம் வரியையும் சிலர் ஒன்றென்று எண்ணி ‘இரண்டு தடவை போட்டுவிட்டார்கள்’ என்பார்கள். அப்படி இல்லை. வெயிட்டிங் என்பது நீங்கள் வண்டியில் ஏறும்வரை உள்ள காத்திருப்பு, ஓடிபி போட்டதும் அது நின்று டைம் ஆரம்பிக்கிறது. சிக்னலிலும் நெரிசலிலும் நின்ற நேரம் டைம் வரியில்தான் சேரும்.

டைம் வரியின் 9 நிமிடத்தை விட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை, மழை, கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் தாண்டிப் போகும் சாலை. 55 நிமிடம் 64 ஆனதைக் கேள்வி கேட்க எதுவும் இல்லை. தூரம் அப்படி அல்ல. நேரத்தை நெரிசல் கூட்டும், கிலோமீட்டரை நெரிசல் கூட்டாது. 26 கி.மீ. 28.4 ஆனால் வண்டி வேறு வழியில் போயிருக்கிறது, அல்லது நீங்கள் இறங்கிய இடம் புக்கிங்கில் குத்திய இடம் அல்ல. ஜிபிஎஸ் தடுமாறுவதால் சில நூறு மீட்டர் ஏறலாம், 2.4 கி.மீ. அதனால் வராது. பயணத் தடத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள்: கிளம்பிய முதல் கிலோமீட்டரில் எதிர்ப்பக்கம் போய்த் திரும்பியதா, நெரிசலைத் தவிர்க்க ஊருக்குள் புகுந்து வெளியே வந்ததா, செங்கல்பட்டில் நெடுஞ்சாலையிலிருந்து எந்த இடத்தில் இறங்கியது. மூன்றாவதில் நீங்களே ‘இன்னும் கொஞ்சம் உள்ளே போங்க’ என்று சொல்லியிருந்தால் அது உங்கள் கணக்கு. ஓட்டுநர் தானாகச் சுற்றியிருந்தால் ‘வழி மாறிவிட்டது’ என்ற பிரிவில் புகார் தரலாம். ஆனால் நெரிசலைத் தவிர்க்க ஆப்பின் மேப்பே அந்த வழியைக் காட்டியிருந்தால் பணம் திரும்புவது கடினம். 45.86 ரூபாய் நான்கில் பெரியது என்றாலும் கோரிக்கையாக டோலைவிடப் பலவீனமானது.

இந்தப் பில் கிலோமீட்டர் வாரியாகப் பிரித்துக் காட்டியதால்தான் இவ்வளவு சொல்ல முடிகிறது. பல ஆப்களில் முன்கூட்டியே சொன்ன தொகையே கட்டணம், ‘டிரிப் ஃபேர்’ என்ற ஒரே வரிதான் இருக்கும், சர்ஜும் அதற்குள் கரைந்திருக்கும். அந்த மாதிரிப் பில்லில் 1.4-ஐ எந்தக் கணக்காலும் வெளியே எடுக்க முடியாது. ஆனால் அங்கே இன்னொரு வசதி உண்டு. தொகை நிலையானது என்று சொல்லி வாங்கியிருந்தால் நெரிசலுக்கோ சிறிய சுற்றுக்கோ அதை மாற்றக் கூடாது. இறங்கும் இடம் மாறினாலோ, வழியில் நிறுத்தினாலோ, வழி வெகுவாக மாறினாலோதான் மாறும். உங்கள் புக்கிங் திரையில் 791 ‘மதிப்பீடு’ என்று இருந்ததா, நிலையான தொகை என்று இருந்ததா என்று பாருங்கள். நிலையானது என்றால் தூரம், நேரம் இரண்டுக்கும் ஏற்றிய 65.71 ரூபாயையும் கேட்கலாம், அப்போது அது டோலைவிடப் பெரிய கோரிக்கை ஆகிவிடும்.

இனி வரி. ஆப் வழியாக எடுக்கும் கார் பயணத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைக் கட்டும் பொறுப்பு சட்டத்தின் 9(5) பிரிவின்படி ஆப் நிறுவனத்துடையது. பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. (ஆட்டோவுக்கும் 2022 ஜனவரி 1 முதல் ஆப்பில் புக் செய்தால் இந்த வரி உண்டு, தெருவில் கைகாட்டி ஏறினால் இல்லை.) நீங்கள் 721-க்கு 5 சதவீதம் போட்டு 36 என்றீர்கள். 43.26-ஐ 0.05-ஆல் வகுத்தால் 865.20 வருகிறது, பைசாவைச் சுற்றியதால் உள்ள வித்தியாசத்தை விட்டால் அது நம் 865.28 தான். அதாவது பயணக் கட்டணம், வெயிட்டிங், புக்கிங் ஃபீ, டோல் நான்கின் மேலும் 5 சதவீதம். டோலை விட்டிருந்தால் 37.76 வந்திருக்கும். புக்கிங் ஃபீயை நிறுவனத்தின் தனிச் சேவையாகக் காட்டி 18 சதவீதம் போடும் வழக்கமும் உண்டு. அப்படிப் போட்டு டோலை விட்டிருந்தால் 40.36, டோலையும் சேர்த்திருந்தால் 45.86. உங்கள் தொகை இவற்றில் எதிலும் பொருந்தவில்லை, அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே 5 சதவீதம் என்பது உறுதி.

டோலின் மேல் வரி போடலாமா என்பது மட்டும் விவாதத்துக்கு உரியது. ஓட்டுநர் சாவடியில் கட்டும் டோலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் அதைப் பயணியிடம் திரும்ப வாங்கும்போது அது பயணத்தின் செலவாகிவிடுகிறது, சேவையின் மதிப்பில் சேரும் என்பது பொதுவான விதி. உங்கள் சார்பில் கட்டி, பில்லில் தனியாகக் காட்டி, கட்டிய தொகையை மட்டும் வாங்கினால் மதிப்பிலிருந்து விலக்கலாம் என்று ஜிஎஸ்டி விதி 33 இடம் தருகிறது. இரு விதமாகவும் பில் போடுகிறார்கள். உங்கள் பயணத்தில் டோலின் மேல் ஏறிய வரி 5.50 ரூபாய்தான், அதற்காகத் தனியாக வாதாட வேண்டாம். ஆனால் டோலை 75 ஆகத் திருத்தினால் கூடவே 1.75 வரியும் திரும்ப வேண்டும். 35 மட்டும் வந்தால் மறுபடி எழுதிக் கேளுங்கள்.

புகார் தரும்போது ‘118 ரூபாய் அதிகம் வாங்கிவிட்டார்கள்’ என்று எழுதினால் ‘உங்கள் கட்டணம் தூரம், நேரத்தின்படி சரியானது’ என்ற தயார்ப் பதில்தான் வரும். ஒரு செய்தியில் பில்லின் ஒரு தொகையைப் பற்றி மட்டும் எழுதுங்கள். டோலுக்கு இப்படி எழுதலாம்: ‘புக்கிங்கில் டோல் 75 காட்டப்பட்டது. பயணத்தில் பரனூர் சாவடி மட்டும் ஒருமுறை கடக்கப்பட்டது. பில்லில் 110 சேர்க்கப்பட்டுள்ளது. கூடுதல் 35, அதன் ஜிஎஸ்டி 1.75, மொத்தம் 36.75 திருப்பித் தரவும்.’ ஆப்பில் அந்தப் பயணத்தைத் திறந்து, டோல் பற்றிய பிரிவைத் தேர்ந்தெடுத்து இதைப் போடுங்கள். புக்கிங் திரையின் ஸ்க்ரீன்ஷாட் உங்களிடம் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள், அந்தப் படம் பில்லின் படத்தைவிட முக்கியம். வெயிட்டிங் நேரங்கள் பொருந்தவில்லை என்றால் அதைத் தனிப் புகாராக அனுப்புங்கள். மெயிலில் வரும் வரி இன்வாய்ஸையும் இறக்கி வையுங்கள். திரையில் வரும் சுருக்கத்தில் இல்லாத வரிப் பிரிவினை அதில் இருக்கும்.

ஆப்பில் பதில் இல்லை என்றால் நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுதலாம். 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பேசும்போதும் 36.75 என்ற தொகையையும் பரனூர் என்ற பெயரையும் முதலில் சொல்லுங்கள், சர்ஜைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். சர்ஜைச் சொன்னதும் ‘நீங்கள் சம்மதித்துத்தானே புக் செய்தீர்கள்’ என்ற பதிலோடு மொத்தப் புகாரும் மூடப்பட்டுவிடும்.